வாசலுக்கே வந்து சேராத கதவு: தமிழில் உயிரியல் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாட ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் தமிழில் உயிரியல் பாடம் எழுதுகிறீர்கள், வினாத்தாள் அமைக்கிறீர்கள், கலைச்சொல் தொகுக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரு பாடப்பகுதியைத் திருத்தித் தரும்படி கேட்கவே இந்த மடல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைப் பற்றிய பகுதி அது.

தமிழ்ப் பாடக்குறிப்புகளில் இந்த நோய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: “குளோரைடு கால்வாய் வேலை செய்யாததால் சளி கெட்டியாகிறது.” இதைப் படிக்கும் மாணவர், செல் சவ்வில் கால்வாய் பதிந்திருக்கிறது, அதன் வாய்தான் திறக்கவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். உலகில் மிகுதியாகக் காணப்படும் சடுதிமாற்றத்தைப் பொறுத்தவரை அந்தப் படம் தவறு. அங்கே கால்வாய் சவ்வுக்கு வந்து சேர்வதே இல்லை. உற்பத்தியான இடத்திலேயே பிடிபட்டு, சில மணி நேரத்துக்குள் சிதைக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், நோய்க்கான மருந்துகள் ஏன் இரண்டு மூன்று சேர்ந்தே வருகின்றன என்பதை மாணவரால் பிறகு புரிந்துகொள்ளவே முடியாது.

தொலைவது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். அந்தக் குளோரைடு கால்வாயின் பெயர் சி.எஃப்.டி.ஆர். இந்தப் புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். அதன் மரபணு 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1989இல் கண்டறியப்பட்டது. மிகுதியாகக் காணப்படும் சடுதிமாற்றத்தில் மூன்று எழுத்துகள் விடுபடுகின்றன. அதன் விளைவாக 508ஆம் இடத்து ஃபினைல்அலனின் இல்லாமல் போகிறது. பரிசோதனை அறிக்கைகளில் இது F508del என்றும் c.1521_1523del என்றும் அச்சாகும். “508ஆம் கோடான் நீக்கப்பட்டது” என்று பாடத்தில் எழுதாதீர்கள். விடுபடும் மூன்று எழுத்துகள் இரண்டு கோடான்களில் பரவியிருக்கின்றன:

```
        506 507 508 509 510
இயல்பு  ATC ATC TTT GGT GTT
மாற்றம்  ATC AT- --T GGT GTT
படிப்பு  ATC ATT     GGT GTT
```

507இன் கடைசி எழுத்து C, 508இன் முதல் இரண்டு எழுத்துகள் TT ஆகியவை போகின்றன. எஞ்சிய T முன்னால் நிற்கும் AT-உடன் சேர்ந்து ATT ஆகிறது. ATC, ATT இரண்டுமே ஐசோலூசினைத்தான் குறிக்கும். ஆகவே 507ஆம் அமினோ அமிலம் மாறுவதில்லை. 508 மட்டும் மறைகிறது. மூன்றின் மடங்காகப் போனதால் படிப்புச் சட்டகமும் நகரவில்லை. மீதி 1479 அமினோ அமிலங்களும் வரிசை குலையாமல் அப்படியே இருக்கின்றன. கரும்பலகையில் இந்த நான்கு வரியை எழுதிக் காட்டினாலே போதும், “இவ்வளவு சின்ன இழப்பு எப்படி இவ்வளவு பெரிய நோயாகிறது?” என்று மாணவர்களே கேட்பார்கள். பாடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் புரதம் ஐந்து பகுதிகளால் ஆனது. சவ்வை ஊடுருவும் பகுதிகள் இரண்டு. ஏ.டி.பி. பிணையும் பகுதிகள் இரண்டு. அவை செல்லின் உட்புறம் தொங்குகின்றன. ஐந்தாவது, பாஸ்பேட் ஏறியதும் கால்வாய் திறக்க இடம்விடும் ஒழுங்குபடுத்தும் பகுதி. 508ஆம் இடம் முதல் பிணைப்புப் பகுதியின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கிருக்கும் ஃபினைல்அலனினின் வளையம், இரண்டாம் சவ்வுப் பகுதியிலிருந்து உள்நோக்கி இறங்கும் நான்காம் உள்வளையத்தின் குழிவில் பொருந்தி உட்காருகிறது. முளையும் துளையுமாக இழைத்து இறுக்கிய மரச்சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முளை இல்லையென்றால் இரண்டு கட்டைகளும் பக்கத்தில் நிற்குமே தவிரப் பூட்டிக்கொள்ளாது.

ஆனால் குறை அந்த ஒன்றுதான் என்றும் எழுதிவிட வேண்டாம். பிழை இரட்டையானது. முதல் பிணைப்புப் பகுதியை மட்டும் தனியே பிரித்துச் சூடாக்கிப் பார்த்தால், 508 இல்லாதது இயல்பானதைவிட ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி குறைவான வெப்பத்திலேயே குலைகிறது. அதாவது உடல் வெப்பத்தில் அது நிலையாக நிற்க முடியாமல் தள்ளாடுகிறது. இது முதல் பிழை. மேலே சொன்ன பூட்டு விழாமல் போவது இரண்டாவது.

இவை இரண்டும் தனித்தனிப் பிழைகள்தாம் என்பது எப்படித் தெரியும்? 508இல் ஃபினைல்அலனினை நீக்காமல் வேறோர் அமினோ அமிலத்தை அங்கே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் முதல் பிணைப்புப் பகுதி தனியாக நன்றாகவே மடிகிறது. இருந்தும் முழுப் புரதம் பலவற்றில் முதிர்வதில்லை. பகுதி சரி, பூட்டு இல்லை. 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தலைகீழாகவும் சோதித்தன. முதல் பிணைப்புப் பகுதியை உறுதியாக்கும் கூடுதல் மாற்றங்களை மட்டும் சேர்த்தபோது ஓரளவே பலன் கிடைத்தது. நான்காம் உள்வளையத்தில் 1070ஆம் இடத்து ஆர்ஜினினை டிரிப்டோஃபேனாக மாற்றி, காலியான குழிவை அதன் பருத்த வளையத்தால் நிரப்பினால் அதற்கும் ஓரளவே பலன். இரண்டையும் ஒன்றாகச் செய்தபோதுதான் புரதம் இயல்பை நெருங்கும் அளவுக்கு முதிர்ந்து சவ்வுக்குச் சென்றது. உங்கள் பாடத்தில் ஒரே ஒரு ஆய்வுக்குத்தான் இடம் உண்டு என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மருந்துகளின் கதை முழுவதும் இதிலிருந்தே கிளைக்கிறது.

இனி, செல் இதை எங்கே பிடிக்கிறது என்பது. ரைபோசோம் இந்தப் புரதத்தைக் கோக்கும்போதே எண்டோபிளாச வலையின் சவ்வில் அது செருகப்படுகிறது. முதல் பிணைப்புப் பகுதி, பின்பாதி கோக்கப்படும் முன்பே மடியத் தொடங்கிவிடுகிறது. அரைகுறையாக மடிந்த நிலையில் நீரை வெறுக்கும் பரப்புகள் வெளியே தெரியும். துணைப்புரதங்கள் அவற்றைப் பற்றிக்கொள்ளும்: சைட்டோசோல் பக்கம் எச்.எஸ்.சி.70, எச்.எஸ்.பி.90, வலையின் உட்பக்கம் கால்நெக்சின். மடிப்பு முடிந்தால் இந்தப் பரப்புகள் உள்ளே மறைந்துவிடும், துணைப்புரதங்கள் கழன்றுவிடும், புரதம் நுண்பையில் ஏறி கோல்கைக்குப் போகும். முடியாவிட்டால் பிடி விடுவதில்லை. நீண்ட நேரம் பிடியிலேயே இருப்பதன்மேல் யுபிக்விட்டின் சங்கிலி ஏற்றப்படுகிறது. பிறகு அது சவ்விலிருந்து உருவப்பட்டு புரோட்டியசோமுக்குள் போய்த் துண்டு துண்டாகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். “508 இல்லை” என்று எந்தக் காவலரும் எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை. மடிப்பு முடியத் தாமதமாவதுதான் செல்லின் கண்ணில் படுகிறது. இயல்பான சி.எஃப்.டி.ஆர்.கூட மடிவதற்குச் சிரமப்படும் புரதம்தான்; ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் சில செல்வகைகளில் அதில் பாதிக்கு மேல் இதே வழியில் அழிகிறது. சடுதிமாற்றம் அந்தப் பங்கை ஏறக்குறைய முழுமையாக்கிவிடுகிறது.

“அப்படியானால் புரோட்டியசோமைத் தடுத்துவிட்டால் போதுமே?” என்று நல்ல மாணவர் கேட்பார். செய்து பார்த்திருக்கிறார்கள். 1990களின் நடுவில் வெளிவந்த ஆய்வுகளில், புரோட்டியசோமைத் தடுத்தபோது யுபிக்விட்டின் ஏறிய புரதம் கரையாத திரளாகச் செல்லுக்குள் குவிந்தது. சவ்வில் வேலை செய்யும் கால்வாய்கள் கூடவில்லை. அழிப்பு என்பது மடிப்புப் பிழையின் விளைவு. விளைவைத் தடுத்து, பிழையை அப்படியே விட்டால் குப்பைதான் சேரும்.

சவ்வுக்குப் போகவில்லை என்பதை எப்படிக் காண்பது? 1990இல் இதை முதலில் காட்டிய முறையே இன்றும் வகுப்பறைக்கு ஏற்றது. அது வெஸ்டர்ன் பிளாட்டின் பட்டைகளைப் படிப்பது. இந்தப் புரதத்தின் 894, 900 ஆகிய இடங்களில் சர்க்கரைக் கிளைகள் ஏறுகின்றன. எண்டோபிளாச வலையில் ஏறுவது எளிய, மானோஸ் மிகுந்த கிளை. கோல்கையைக் கடக்கும்போது அது செதுக்கப்பட்டு, பெரிய சிக்கலான கிளையாகிறது. ஆகவே புரதத்தின் எடையே அது எவ்வளவு தூரம் பயணப்பட்டது என்று சொல்லிவிடும். சர்க்கரை ஏறாத ஏ பட்டை ஏறக்குறைய 130 கிலோடால்டனிலும், எண்டோபிளாச வலையோடு நின்றுவிட்ட பி பட்டை 140 – 150இலும், கோல்கையைத் தாண்டிய சி பட்டை 170 – 180இலும் தெரியும். சி பட்டை எப்போதும் சற்றுப் பரந்து மங்கலாகவே வரும். கிளைகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாததே காரணம்.

நான்கு தடங்களை வைத்துக்கொள்வோம். முதல் தடத்தில் இயல்பான செல், 37 டிகிரி: தடித்த சி, மெல்லிய பி. இரண்டாவதில் F508del, அதே 37 டிகிரி: பி மட்டும், சி இடம் காலி. மூன்றாவதில் அதே F508del செல்லை 27 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடுத்தது: பி பட்டையோடு, மெல்லிய சி ஒன்றும் தலைகாட்டுகிறது. நான்காவதில் இரண்டாம் தடத்தின் மாதிரியை எண்டோ எச் நொதியோடு வைத்தது: பி பட்டை ஏ இருக்கும் உயரத்துக்கு இறங்குகிறது. எண்டோ எச் எளிய கிளையை மட்டுமே வெட்டும், கோல்கையில் செதுக்கியதை வெட்டாது. அதனால் நான்காம் தடம், “இந்தப் புரதம் கோல்கையைக் கண்டதே இல்லை” என்று உறுதி செய்கிறது. பி.என்.கேஸ் எஃப் நொதி இரண்டு வகைக் கிளையையும் வெட்டும் என்பதால், அதை ஒப்பீட்டுக்கு ஒரு தடத்தில் வைப்பது நல்லது.

இந்தச் சோதனையைச் செயல்முறைப் பாடமாக எழுதுவீர்களானால், தவறுகள் நேரும் இடங்களையும் எழுதுங்கள். மாதிரியைக் கொதிக்க வைக்கக் கூடாது. சவ்வைப் பல முறை ஊடுருவும் புரதம் கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஜெல்லின் தலைமாட்டிலேயே நின்றுவிடும். பிறகு சி பட்டை காணவில்லை என்று தவறாக முடிவு கட்டுவார்கள். 37 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் போதும். இன்னொன்று, அக்ரிலமைடு செறிவு. 10 அல்லது 12 சதவீத ஜெல்லில் பி, சி இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரியும். 6 முதல் 7.5 சதவீதம் இருந்தால்தான் பிரியும். மூன்றாவது எச்சரிக்கை செல்லைப் பற்றியது. மரபணுவை வெளியிலிருந்து புகுத்தி மிகையாக வெளிப்படுத்தும் செல்களில் தரக்கட்டுப்பாடு திணறும், கொஞ்சம் F508del கசிந்து சவ்வுக்கும் போகும். அதை நோயாளியின் மூச்சுக்குழாய் செல்லில் நடப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் தடத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். வெப்பத்தைக் குறைத்தால் பிழையான புரதத்தில் ஒரு பங்கு சவ்வுக்குப் போகிறது என்பது 1992இல் தெரியவந்தது. போனது அங்கே குளோரைடையும் கடத்தியது. இந்தச் சடுதிமாற்றத்துக்கு மருந்து தேடலாம் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய ஆதாரமாக அமைந்தது. ஆனால் அப்படிப் போய்ச் சேர்ந்ததற்கும் இரண்டு குறைகள் மிச்சம். ஒன்று, அது இயல்பானதைவிடக் குறைவாகவே திறக்கிறது; மூடியிருக்கும் இடைவெளிகள் நீள்கின்றன. இன்னொன்று, செல்லை மறுபடி 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால், சவ்வுப் பக்கம் இருக்கும் இரண்டாவது தரக்கட்டுப்பாடு அதைச் சில மணி நேரத்தில் உள்ளிழுத்து லைசோசோமுக்கு அனுப்பிவிடுகிறது. மடிப்புப் பிழை பயணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை, புரதத்தோடு கூடவே போகிறது.

இப்போது மருந்துகளுக்கு வரலாம். ஐவாகாஃப்டர் சவ்வில் இருக்கும் கால்வாயை அதிக நேரம் திறந்திருக்கச் செய்யும் மருந்து. அமெரிக்காவில் 2012இல் அனுமதிக்கப்பட்டது, G551D என்ற வேறொரு சடுதிமாற்றத்துக்காக. அதில் கால்வாய் சவ்வுக்கு ஒழுங்காக வந்துவிடும், திறக்க மட்டும் மறுக்கும். அந்த நோயாளிகளுக்கு வியர்வைக் குளோரைடு ஏறக்குறைய 48 மில்லிமோல் இறங்கியது, நுரையீரல் திறன் 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. அதே மருந்தைத் தனியாக, மரபணுவின் இரண்டு பிரதியும் F508del ஆக உள்ளவர்களுக்கு 16 வாரம் கொடுத்தபோது வியர்வைக் குளோரைடு 3 மில்லிமோல் அளவுக்கே இறங்கியது. நுரையீரல் திறனில் கணக்கில் கொள்ளத்தக்க மாற்றம் இல்லை. “குளோரைடு கால்வாய் வேலை செய்யவில்லை” என்ற அந்த ஒற்றை வரி, இந்த இரண்டு நோயாளிகளையும் ஒரே ஆளாகக் காட்டிவிடுகிறது. அந்த வரியை மாற்றச் சொல்லி நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

மடிப்பைச் சீராக்கும் முதல் மருந்து லுமாகாஃப்டர். ஐவாகாஃப்டரோடு சேர்த்து 2015இல் வந்தது. நுரையீரல் திறன் ஏறக்குறைய 3 புள்ளிகள் உயர்ந்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இரட்டைப் பிழையை நினைவுபடுத்திக்கொண்டால் காரணம் விளங்கும். லுமாகாஃப்டர் முதல் சவ்வுப் பகுதியில் ஒரு குழிவில் பிணைந்து அதை மட்டும் தாங்குகிறது. 2019இல் வந்த கூட்டு மருந்தில் மடிப்பைத் திருத்துபவை இரண்டு. லுமாகாஃப்டரின் அதே இடத்தில் உட்காரும் டெசாகாஃப்டர் ஒன்று. புரதத்தின் வேறோர் இடத்தில், சவ்வுக்குள் இருக்கும் சுருள்களிடையே பிணையும் எலெக்சாகாஃப்டர் மற்றொன்று. இவற்றோடு திறக்க வைக்க ஐவாகாஃப்டரும் சேர்கிறது. ஒரே ஒரு பிரதி மட்டும் F508del ஆகவும், மற்றது பயன்படாததாகவும் இருந்தவர்களுக்கே நுரையீரல் திறன் ஏறக்குறைய 14 புள்ளிகள் உயர்ந்தது, வியர்வைக் குளோரைடு 40 மில்லிமோலுக்கு மேல் இறங்கியது. இந்த மருந்துகளில் எதுவும் தொலைந்த ஃபினைல்அலனினைத் திருப்பித் தருவதில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மாத்திரையை நிறுத்தினால் புதிதாக உருவாகும் புரதம் பழையபடி எண்டோபிளாச வலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

வியர்வை பற்றி ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நோய் முதலில் கண்ணில் படுவது அங்கேயாகவும் இருக்கலாம். வியர்வைச் சுரப்பியின் நாளம், மேலே வரும் உப்பைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். அதற்கான குளோரைடு வழி சி.எஃப்.டி.ஆர்.தான். வழி இல்லாததால் உப்பு தோலுக்கு வந்துவிடுகிறது. பைலோகார்பின் கொண்டு வியர்க்கவைத்து அளக்கும் சோதனையில் லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் நோயின் அடையாளம். 30க்குக் கீழ் இருந்தால் நோய்க்கு வாய்ப்புக் குறைவு. இடைப்பட்டால் மரபணுச் சோதனையும் மறு சோதனையும் தேவை. கோடையில் உப்பு வெளியேறிச் சோர்ந்து, இரத்தத்தில் குளோரைடு குறைந்து, காரத்தன்மை ஏறிய நிலையில் வரும் கைக்குழந்தையிடம் இந்த நோயையும் நினைக்க வேண்டும்.

இந்தியாவைப் பற்றி எழுதும்போது ஐரோப்பிய எண்களை அப்படியே இறக்கிவிடாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளிடம் நோய்தரும் பிரதிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் F508del. இந்திய நோயாளிகளிடம் இதன் பங்கு அதைவிடத் தெளிவாகக் குறைவு. அதனால் F508del ஒன்றை மட்டும் தேடும் சோதனையில் “இல்லை” என்று வந்தால், நோய் இல்லை என்று பொருளாகாது. நம் நோயாளிகளுக்கு மரபணு முழுவதையும் படிப்பதுதான் பொருத்தம். எந்தச் சடுதிமாற்றம் என்று தெரிந்தால்தான், புரதம் உருவாகவே இல்லையா, உருவாகி மாட்டிக்கொண்டதா, வந்து சேர்ந்தும் திறக்கவில்லையா என்று பிரித்து அறிய முடியும்.

கலைச்சொல் தொகுப்போரிடம் ஒரு வேண்டுகோள். “கால்வாய் அடைப்பு” என்ற தொடரை இந்த நோய்க்குப் பயன்படுத்தாதீர்கள். சளி அடைத்த மூச்சுக்குழாயையும் கணைய நாளத்தையும் அது நினைவூட்டுகிறது. மூலக்கூறு அளவில் இங்கே எதுவும் அடைபடவில்லை. “மடிப்புக் குறை”, “சவ்வு சேராமை” என்ற இரண்டு சொற்களும் போதுமானவை, மாணவர் வாயிலும் எளிதாக நுழையும்.

கடைசியாக வினாத்தாள். “சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எந்த மரபணுவின் பிழையால் வருகிறது?” என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒன்று சேருங்கள்: “இரண்டு பிரதியும் F508del ஆக உள்ள ஒருவரின் செல்லிலிருந்து எடுத்த மாதிரியில் பி பட்டை மட்டும் தெரிகிறது. அவருக்கு ஐவாகாஃப்டரைத் தனியாகக் கொடுத்தால் பலன் இருக்குமா? அதே செல்லை 27 டிகிரியில் வைத்துவிட்டு மருந்தைச் சேர்த்தால் என்ன எதிர்பார்ப்பீர்கள்?” பி பட்டையை எண்டோபிளாச வலையோடு தொடர்புபடுத்தினால் ஒரு மதிப்பெண். சவ்வில் கால்வாய் இல்லாததால் திறப்பு மருந்துக்கு வேலையில்லை என்றால் இரண்டு. குளிர்ந்த செல்லில் ஒரு பங்கு சவ்வுக்குப் போவதால் மருந்து இப்போது குளோரைடு ஓட்டத்தைக் கூட்டும் என்றால் ஒன்று. மறுபடி 37 டிகிரிக்கு வந்தால் அந்தப் பலன் சில மணி நேரத்தில் குறையும் என்று தானாகவே சேர்த்து எழுதும் மாணவருக்கு ஐந்தாவது மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

அன்புடன்,
தமிழில் உயிரியல் கற்பிக்கும் சிலர்